ஏணையும் டைகரும்: பிள்ளை வரப்போகும் வீட்டில் நாயை எப்படிப் பழக்குவது?

கேள்வி: டொக்டர், எனக்கு இப்போது எட்டாம் மாதம். திருகோணமலை உவர்மலையில் மாமியோடு இருக்கிறோம். எங்கள் நாய் டைகருக்கு நாலு வயது. ஊர் நாய், ஆண், நலமடிக்கவில்லை. இரவில் எங்கள் கட்டிலுக்குக் கீழேதான் படுப்பான். என்னில் சரியான பட்சம். ஆனால் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் மானைக் கண்டதும் பிடித்து வைக்க ஏலாது, துரத்துவான். போன மாதம் அவன் சாப்பிடும்போது பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை கிட்டப் போக உறுமினான், கடிக்கவில்லை. பிள்ளைக்கு ஏணை கட்டத்தான் யோசனை. மாமி நாயை ஆருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறா, நாய் மயிரால் பிள்ளைக்கு இழுப்பு வரும் என்கிறா. இவர் விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்:

டைகரை இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லுமளவுக்கு உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. ஆனால் வைத்திருப்பதென்றால் இனி வரும் ஐந்தாறு வாரங்களில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அந்த வேலையின்போது அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பார்த்துத்தான் கடைசி முடிவு எடுக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று உறுமியது, மற்றது மான் துரத்துவது. உங்கள் வீட்டில் எல்லோரும் உறுமலைப் பார்த்துத்தான் பயந்திருப்பீர்கள். பிறந்த குழந்தையைப் பொறுத்தவரை நான் கவலைப்படுவது மானைப் பற்றித்தான்.

ஏன் என்று சொல்கிறேன். உறுமுகிற நாய் முன்கூட்டியே எச்சரிக்கிறது. 'என் சாப்பாட்டுக்குக் கிட்ட வராதே' என்று டைகர் சொன்னான், பிள்ளை விலகியது, விஷயம் முடிந்தது. அது பயத்தாலும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற எண்ணத்தாலும் வருவது. தவழத் தொடங்கிய பிள்ளைக்கு அது பெரிய ஆபத்து, அதற்குப் பிறகு வருகிறேன். துரத்துவது வேறு வகை. அது கோபம் இல்லை, வேட்டைக் குணம். சின்னதாக, வேகமாக, கீச்சுக் குரலோடு அசைகிற எதையும் பார்த்ததும் நாயின் உடலில் அது தானாக எழும். அந்த நேரத்தில் நாய் உறுமாது, பல்லைக் காட்டாது. சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கும், அப்புறம் பாயும்.

பிறந்த குழந்தையை நாய் உடனே ஒரு மனிதப் பிள்ளையாக அடையாளம் காணும் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. நாய்க்குத் தெரிந்த மனிதர்கள் நிமிர்ந்து நடப்பார்கள், பேசுவார்கள், அதன் பெயரைக் கூப்பிடுவார்கள். இது ஒரு துணிப் பொட்டலத்துக்குள் இருந்து கீச்சென்று கத்துகிற, கைகாலை வெட்டி வெட்டி அசைக்கிற, பால் மணக்கிற சின்ன உயிர். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு அருமையாக விளையாடுகிற நாய் பிறந்த குழந்தையோடும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஏணையைப் பாருங்கள். சேலையை வளையில் கட்டித் தொங்கவிட்டால் அதன் அடி நாயின் முகத்துக்கு நேராக வரும். அது முன்னும் பின்னும் ஆடும். உள்ளே இருப்பவரின் முகம் தெரியாது, அழுகை மட்டும் கேட்கும். வேட்டைக் குணம் கூடிய நாயைக் கிளப்புவதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மிகவும் சாதுவான நாய். குழந்தை பாயில் கிடந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏணை கட்டி ஆட்டத் தொடங்கிய அன்றைக்குத் தொங்குகிற சேலை நுனியைக் கவ்வி இழுத்தது. அம்மம்மா பக்கத்தில் இருந்து ஆட்டிக்கொண்டிருந்ததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நாய் கெட்ட நாய் இல்லை. அதற்கு முன்னால் ஆடுகிற ஏணையை அது பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு முதல் வேலை: பிள்ளை பிறக்கும்வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே ஏணையைக் கட்டுங்கள். மூன்று கிலோ அரிசியைத் துவாயில் சுற்றி உள்ளே வையுங்கள். பிறந்த குழந்தையின் நிறை கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஏணை ஆடுகிற விதமும் அப்படியே இருக்கும். ஆனால் டைகரை உடனே அதற்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அதற்கு முன் அவன் ஒன்று பழக வேண்டும்.

அவனுக்கென்று ஒரு சாக்கையோ பழைய பாயையோ எடுத்து விறாந்தையில் ஒரு மூலையில் போடுங்கள். அதில் ஏறி நின்றால் ஒரு துண்டு அவித்த கோழி, இருந்தால் ஒரு துண்டு, படுத்தால் இன்னும் இரண்டு. துண்டு உங்கள் சுண்டுவிரல் நகமளவு இருந்தால் போதும். உப்பு, தூள் எதுவும் வேண்டாம். காலையில் ஐந்து நிமிடம், பின்னேரம் ஐந்து நிமிடம். இரண்டு மூன்று நாளில் பாயைக் கண்டதும் தானாகப் போய்ப் படுப்பான். அப்போதுதான் 'பாயில' என்று சொல்லிப் பழக்குங்கள். சொல்லை முதலில் சொல்லி, அவன் செய்யாமல் நிற்க, நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே இருக்காது. பிறகு அவன் படுத்திருக்கும் நேரத்தை நீட்டுங்கள். நீங்கள் குசினிக்குப் போய்வரும்வரை கிடந்தால் வந்து கொடுங்கள்.

அது படிந்த பிறகு ஏணைக்கு வரலாம். டைகருக்குக் கழுத்துப்பட்டி போட்டு, கயிற்றை உங்கள் கணவர் பிடிக்கட்டும். பாயை ஏணையிலிருந்து ஒரு அறையின் நீளம் தள்ளிப் போடுங்கள், பத்துப் பன்னிரண்டு அடி. நீங்கள் ஏணையை மெல்ல ஆட்டுங்கள். டைகர் ஏணையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் அந்த நொடியில் உங்கள் கணவர் இறைச்சித் துண்டைக் கொடுக்க வேண்டும். பார்ப்பது பிழை இல்லை, பார்த்துவிட்டு விடுவதைத்தான் பழக்குகிறோம். ஒழுங்காக இருந்தால் அடுத்த நாள் இரண்டு அடி கிட்ட. இல்லையென்றால் திரும்பவும் தூரத்தில் இருந்து. இடையில் போனில் குழந்தை அழும் சத்தத்தையும் சேர்க்கலாம். முதல் நாள் அவனுடைய காது மட்டும் அசையுமளவுக்கு மெல்லமாக வைத்து, சத்தம் வந்தவுடன் இறைச்சி, சத்தம் நின்றதும் இறைச்சியும் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு கிழமையில் உண்மையான அழுகையின் அளவுக்குக் கூட்டுங்கள்.

இந்த வேலை வெறும் பழக்கம் மட்டும் இல்லை, இதுதான் டைகருக்கு நீங்கள் வைக்கும் சோதனை. ஏணை ஆடும்போது அவன் உடம்பு விறைத்து, வாய் மூடி, காது முன்னுக்கு நின்று, கண் இமைக்காமல் பார்க்கிறானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லையா? மூக்குக்குக் கிட்டக் கோழி இறைச்சியைக் கொண்டுபோனாலும் எடுக்கவில்லையா? மான் பார்க்கும்போது அவன் நிற்கிற நிலை உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதே நிலைதானா என்று பாருங்கள். அப்படியென்றால் உடனே அவனை வெளியே கூட்டிப்போய்விடுங்கள், ஏசவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். தூரத்தைக் கூட்டிச் சில நாள் திரும்பச் செய்யுங்கள். இரண்டு மூன்று கிழமை ஒழுங்காகச் செய்த பிறகும் அதே பார்வை என்றால் டைகரும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழ் சுதந்திரமாக இருக்க முடியாது. அந்த நிலையில் என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன். மாறாக, வால் தளர்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, ஒருதரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுத் தலையைக் கீழே வைத்தால் நல்ல அறிகுறி.

படுக்கும் இடத்தையும் இப்போதே மாற்றுங்கள். கட்டிலுக்குக் கீழே படுக்கிற நாயைப் பிள்ளை வந்த அன்று வெளியே தள்ளினால் அது இரவெல்லாம் கதவைச் சுரண்டும், ஊளையிடும், நித்திரையில்லாத வீட்டில் எல்லோரும் அதன்மேல் எரிந்து விழுவீர்கள். விறாந்தையில் பாய் பழகிய பிறகு இரவிலும் அங்கேயே. முதல் சில இரவு உங்கள் கணவர் பக்கத்தில் படுத்தால் டைகருக்கு லேசாக இருக்கும். அறை வாசலுக்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கேற் அடிப்பித்துக்கொள்ளுங்கள். பகலில் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும், ஆனால் வர முடியாது. அவன் அதைத் தாண்டிப் பாய்வான் என்றால் முழுக் கதவைத்தான் நம்ப வேண்டும். உங்களோடு இருக்கும் நேரத்தையும் இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சாப்பாடு வைப்பதையும் நடத்திக்கொண்டு போவதையும் உங்கள் கணவர் பொறுப்பெடுக்கட்டும்.

நலமடிப்பது நல்லது, ஆனால் அதனால் மான் துரத்துவது நிற்காது. அலைவதும் மற்ற ஆண் நாய்களோடு சண்டைக்குப் போவதும் குறையும், அதற்கும் சில வாரங்கள் எடுக்கும். செய்வதென்றால் இந்தக் கிழமையே செய்யுங்கள். பிரசவ நாளுக்குக் கிட்டக் காயமும் வலியும் உள்ள நாய் வீட்டில் இருக்கக் கூடாது. முடியாவிட்டால் பிள்ளைக்கு மூன்று நாலு மாதம் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி விஷயத்தில் தள்ளிப்போட இடமில்லை. விசர்நாய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால் உடனே போடுங்கள், அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பூச்சி மருந்து இப்போது ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. இங்கே நம்முடைய வளவெல்லாம் மணல். நாயின் மலத்தில் வருகிற கொக்கிப் புழுவின் குஞ்சுகள் ஈர மணலில் இருந்து தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வட்டப் புழுவின் முட்டைகளோ மலம் விழுந்த உடனே தொற்றாது, மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்தால்தான் தொற்றக்கூடிய நிலைக்கு வரும். அதனால் ஒவ்வொரு நாளும் மலத்தை அள்ளிப் புதைத்தாலே பெரும்பகுதி பிரச்சினை தீர்ந்தது. பிள்ளை தவழத் தொடங்கும் காலத்துக்கு முன்பே இந்தப் பழக்கம் வந்துவிட வேண்டும். உண்ணிக்குக் குளிப்பாட்டும் மருந்தையும் பவுடரையும் பிள்ளை இருக்கும் வீட்டில் பாவிக்க நான் சொல்ல மாட்டேன், அது நாயின் மயிரில் இருந்து பாயிலும் கையிலும் ஒட்டும். உண்ணிக்கு விழுங்கக் கொடுக்கும் மாத்திரை இருக்கிறது. டைகரைக் கூட்டிவாருங்கள், நிறை பார்த்துத் தருகிறோம்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டைகர் வீட்டில் மாமியோடு இருப்பான். நீங்கள் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், பிள்ளையைச் சுற்றியிருந்த ஒரு துணியை உங்கள் கணவர் கொண்டுவரலாம். கையில் பிடித்துக்கொண்டு டைகரை மணக்கவிட்டு, அவன் விலகியதும் இறைச்சி. துணியை அவனிடம் கொடுத்துவிடக் கூடாது, கவ்வி இழுத்து விளையாடும் பொருளாக அது மாறக் கூடாது. இந்தத் துணியிலேயே எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். புதிய மணத்தைப் பரபரப்பில்லாத நேரத்தில் தெரிந்துகொள்கிறான், அவ்வளவுதான் அதன் பயன்.

வீட்டுக்கு வரும் நாள். உங்கள் கணவர் அன்று காலை டைகரை நன்றாக நடத்திக் களைக்க வைக்கட்டும். ஓட்டோ படலையடிக்கு வந்ததும் பிள்ளையை உங்கள் அம்மாவோ மாமியோ வைத்துக்கொள்ள, நீங்கள் வெறுங்கையோடு முதலில் உள்ளே போங்கள். நாலு நாளாகக் காணாத உங்களைக் கண்டு அவன் குதிப்பான், சுற்றுவான். தையல் இருந்தால் கவனம், கதிரையில் இருந்துகொண்டு பேசுங்கள். அந்த ஆரவாரம் அடங்கிய பிறகு அவனை விறாந்தைக் கேற்றுக்கு அங்கால் விட்டு, பிள்ளையை உள்ளே கொண்டுபோங்கள். அன்றைக்கே அறிமுகம் செய்ய வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. வீடு நிறையச் சொந்தக்காரர், ஆளுக்கொரு பேச்சு, அதற்குள் நாயையும் பிள்ளையையும் சந்திக்க வைப்பது நல்ல யோசனை இல்லை. மறுநாள், அதற்கடுத்த நாள், வீடு அமைதியான ஒரு நேரம் பாருங்கள்.

அந்த முதல் சந்திப்பை இப்படிச் செய்யுங்கள். நீங்கள் சுவரோடு சேர்ந்த கதிரையில் பிள்ளையை மடியில் நன்றாக அணைத்தபடி இருங்கள். பிள்ளை பால் குடித்து நித்திரையில் இருக்கும் நேரம் நல்லது. டைகர் பத்தடி தள்ளிப் பாயில், கயிறு உங்கள் கணவரின் கையில், தொய்வாக. கயிறு இறுகினால் நாயின் உடம்பும் இறுகும். உங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் இறைச்சி. இரண்டு நிமிடம் போதும், அவன் அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இதையே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம். சில நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வரலாம். ஒரு கட்டத்தில் பிள்ளையின் காலை, போர்வைக்கு மேலால், ஒரு நொடி மணக்க விடலாம், உடனே கூப்பிட்டு இறைச்சி. முகத்துக்கும் கைக்கும் கிட்ட விட வேண்டாம், நக்கவும் விட வேண்டாம்.

இதில் மூன்று பிழைகள் வழக்கமாக நடக்கும். 'பார் தம்பியை' என்று பிள்ளையை நாயின் முகத்துக்கு நேரே இறக்கிக் காட்டுவது. நாய் பாயும்போது பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பது, அப்படித் தூக்கினால் நாய் இன்னும் உயரப் பாயும், எட்டிப் பிடிக்கிற விளையாட்டாகவே அது எடுத்துக்கொள்ளும். நாய் தயங்கி விலகும்போது கழுத்தைப் பிடித்து 'மணந்து பார்' என்று தள்ளுவது. விலகுகிற நாயை விலக விடுங்கள், அதுதான் நாங்கள் விரும்பும் பழக்கம்.

அதற்குப் பிறகு தினசரி வாழ்க்கை. இங்கே ஒரே ஒரு விதிதான், ஆனால் அதில் விதிவிலக்கு இல்லை: விழித்திருக்கும் ஒரு பெரியவரின் கையெட்டும் தூரத்தில் அல்லாமல் டைகரும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடுகிற அரை நிமிடமும் இதில் அடங்கும். அப்படி எழும்பும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது நாயை உங்களோடு கூட்டிப்போய்க் கேற்றை மூடுங்கள், இரண்டில் ஒன்று. கதிரையில் கண் அயர்ந்துபோன மாமா காவல் இல்லை. ஏணைக்குக் கீழே யாராவது படுத்திருப்பதும் காவல் இல்லை.

நுளம்பு வலையும் காவல் இல்லை. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், நம் வீடுகளில் பிள்ளையைப் பாயில் கிடத்திக் குடை போல விரியும் வலையால் மூடிவிட்டால் பாதுகாப்பாக இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த வலையை ஒரு பூனையே தள்ளிவிடும். நாய் மூக்கால் ஒருதரம் தட்டினால் கவிழும். வலைக்குள் கைகாலை அடிக்கும் பிள்ளை, வெளியே எட்டிப் பார்க்கும் நாய், தடுப்பாக ஒரு துணி மட்டும். இரவில் நீங்கள் களைத்துப் பிள்ளையோடு கீழே பாயில் படுப்பதென்றால் அறைக் கதவு மூடி, கொண்டி போட்டிருக்க வேண்டும். காற்று இல்லை என்று கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் திருகோணமலை வெக்கையில் எல்லா வீட்டிலும் உண்டு. காற்றை யன்னலால் எடுங்கள்.

வழமையில் வராத சில நாட்களும் உண்டு. குடும்பநல மருத்துவிச்சி வீட்டுக்கு வரும் நேரம், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கச் சனம் கூடும் நாள், கோயில் திருவிழா வெடி, கார்த்திகையில் இடி மின்னல். பயந்த நாயும் பரபரத்த நாயும் பழகியதை மறந்துவிடும். அந்த நேரங்களில் டைகரைப் பின் அறையில் சாப்பாடு, தண்ணீரோடு விட்டுக் கதவைச் சாத்துங்கள். கட்டி வைப்பதைவிட அது நல்லது. கட்டிய நாயிடம் சின்னப் பிள்ளைகள் போய் நிற்பார்கள், அதற்கு விலக வழி இருக்காது.

அடுத்தது உறுமல். டைகர் எப்போதாவது பிள்ளையைப் பார்த்து உறுமினால் அடிக்கவோ ஏசவோ வேண்டாம். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமுவதை மட்டும் விட்டுவிடும், அதற்குப் பின்னால் இருக்கும் பயம் அப்படியே இருக்கும். பிறகு அது எச்சரிக்காமலே கடிக்கும். உறுமினால் அமைதியாக அவனை விலக்குங்கள், எதைக் கண்டு உறுமினான் என்று நினைவில் வையுங்கள், எனக்குச் சொல்லுங்கள். உறுமலுக்கு முன்பே வேறு அடையாளங்கள் வரும்: சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்குவது, நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, தலையை மறுபக்கம் திருப்பிக் கண்ணை மட்டும் ஓரமாக வைத்துப் பார்ப்பது, அதில் கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். அசையாமல் உறைந்து நிற்பது இவை எல்லாவற்றிலும் மோசமானது. நாய்-பிள்ளை படங்களில் பெரும்பாலும் நாயின் முகத்தில் இதில் ஒன்று இருக்கும், பார்க்கிறவர்கள் அதைப் பாசம் என்று எண்ணுவார்கள்.

உறுமல் உண்மையில் பிரச்சினையாகப் போவது ஆறு மாதத்துக்குப் பிறகு, பிள்ளை தவழும்போது. முதல் மாதங்களில் எல்லாம் நல்லபடியாகப் போய்விட்டது என்று வீடு தளரும் நேரமும் அதுதான். அதுவரை பிள்ளை கிடந்த இடத்தில் கிடந்தது, நாய் விலகிப் போனது. இப்போது பிள்ளை நாயைத் தேடி வரும், காதைப் பிடிக்கும், அதன் பாத்திரத்துக்குள் கையை விடும். டைகர் சாப்பாட்டைக் காக்கிறவன் என்பது ஏற்கனவே தெரியும். அதனால் அவனுடைய சாப்பாடு இப்போதிருந்தே பின் விறாந்தையில், மூடிய கதவுக்குப் பின்னால். முடித்ததும் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள். எலும்பு கொடுத்தால் அதுவும் அங்கேதான். பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது நிலத்தில் சிந்தும், அதை நக்க நாய் வரும், பிள்ளையின் கையும் அதே சோற்றுக்குப் போகும். அந்த நேரத்தில் டைகர் கேற்றுக்கு அங்கால் இருக்கட்டும். நடக்கத் தொடங்கிய பிள்ளையால் எட்ட முடியாத, டைகர் போய்ப் படுக்கக்கூடிய ஒரு மூலையும் வீட்டில் இருக்க வேண்டும். அவன் அங்கே இருந்தால் யாரும் தொடுவதில்லை என்று பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இழுப்பு பற்றி மாமி சொன்னதற்கு: வீட்டில் நாய் இருந்தால் பிள்ளைக்கு இழுப்பு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சில ஆய்வுகளில் சின்ன வயதிலேயே நாயோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் உங்களுக்கோ கணவருக்கோ நாய் கிட்ட வந்தால் தும்மலும் இழுப்பும் வருகிற உடம்பு என்றால் பிள்ளை டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் பிள்ளையின் துணியிலும் ஏணையிலும் டைகர் படுக்கக் கூடாது, அவனைத் தொட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கும் முன் கை கழுவ வேண்டும்.

ஒருவேளை பல்லோ நகமோ பட்டுத் தோலில் கீறினால், சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள், மிளகாய்த் தூள், கோப்பித் தூள் எதுவும் பூசக் கூடாது. டைகரின் ஊசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அவனை அவிழ்த்து விரட்டிவிடவும் கூடாது, கொல்லவும் கூடாது. டொக்டர் சொல்லும் நாட்கள்வரை கட்டிவைத்து நன்றாகச் சாப்பிடுகிறானா, நடக்கிறானா என்று பார்ப்பது பிள்ளைக்கு என்ன சிகிச்சை தேவை என்று முடிவெடுக்க உதவும்.

இனி, சோதனையில் டைகர் தேறாவிட்டால். ஏணையைக் கண்டு மானைப் பார்ப்பது போலவே நின்றால், அல்லது பிள்ளையின் அழுகைக்குக் கேற்றில் பாய்ந்து பாய்ந்து சிணுங்கி, உணவைக்கூடத் தொடாமல் அங்கேயே நின்றால், அவனுக்கு வேறு வீடு தேடுவதுதான் சரி. உங்கள் கணவருக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் ஆண்டு முழுவதும் ஒரு கதவு மூடியிருக்கிறதா என்ற நினைப்பில் ஒரு வீட்டால் வாழ முடியாது. சின்னப் பிள்ளைகள் இல்லாத, வளவு மதில் கட்டிய ஒரு வீட்டைத் தேடுங்கள். ஏன் கொடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இப்போதே தேடத் தொடங்கினால் நேரம் இருக்கிறது, தேவைப்படாவிட்டால் நல்லதுதானே. கடற்கரையிலோ சந்தையடியிலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதை மட்டும் யோசிக்கவே வேண்டாம். வீட்டு நாய் அங்கே நாலு நாள் தாக்குப்பிடிக்காது, பசியும் பயமும் பிடித்த நாய் வேறு யாருடைய பிள்ளையையோ கடிக்கும்.

கடைசியாக மாமி. அவவோடு இதில் சண்டை பிடிக்காதீர்கள், அவவுடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் குளிக்கப் போகும்போதும் கணவர் வேலைக்குப் போன பிறகும் வீட்டில் கண்ணாக இருக்கப்போவது அவதான். அதனால் ஏணைப் பழக்கத்தைச் செய்யும்போது அவவையும் கதிரை போட்டு இருத்துங்கள். டைகர் எப்படிப் பார்க்கிறான், எப்போது விறைக்கிறான் என்பதை அவவே தன் கண்ணால் கண்டு பழகட்டும். 'பாயில' என்ற சொல்லை அவவும் சொல்லி, அவவின் கையால் இறைச்சி கொடுக்கட்டும், அப்போதுதான் அவ சொன்னாலும் அவன் கேட்பான். கேற்றின் கொண்டி அவவின் கைக்கு லேசாக எட்டுகிற உயரத்தில், ஒரு கையில் பிள்ளை இருக்க மறு கையால் போடக்கூடியதாக இருக்கிறதா என்று தச்சரிடம் கேட்டுப் பூட்டுவியுங்கள். மூன்று கிழமை கழித்து டைகரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மாமியும் வரட்டும். ஏணைக்கு முன்னால் அவன் எப்படி இருந்தான் என்று முதலில் அவவிடம்தான் கேட்பேன்.